பூஜ்யம் போட்ட புட்டி

எங்கள் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் மாம்பழ ஜூஸுக்குப் பக்கத்திலேயே பீர் புட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். காலை நடைக்கு வரும் நண்பர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து, "சார், இதில் நிஜமாகவே ஆல்கஹால் இல்லையா?" என்று என்னிடம் கேட்டார்கள். சர்க்கரை ஆலையின் வடிசாலை ஆய்வுக்கூடத்தில் 31 வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்விகள் என் தலையில்தான் வந்து விழும்.

சின்ன பதில்: பெரும்பாலும் கொஞ்சம் இருக்கிறது. இந்த பீரை முதலில் சாதாரண பீர் மாதிரியேதான் காய்ச்சுகிறார்கள். பிறகு காற்றழுத்தத்தைக் குறைத்து, அதிகம் சூடாக்காமல் ஆல்கஹாலை ஆவியாக்கி எடுக்கிறார்கள்; அல்லது குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. போன்ற சவ்வில் செலுத்திப் பிரிக்கிறார்கள். இன்னொரு வழி, புளிப்பதையே பாதியில் நிறுத்திவிடுவது. ஒயினையும் ஏறக்குறைய இப்படித்தான் செய்கிறார்கள். எந்த வழியிலும் கடைசித் துளி வரை எடுப்பது செலவு பிடித்த வேலை. வாசனையும் கூடவே போய்விடும். அதனால் கொஞ்சத்தை விட்டுவிடுகிறார்கள், சட்டமும் அதற்கு இடம் கொடுக்கிறது. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அது மதுபானம். ஜெர்மனியிலும் 0.5 வரை 'ஆல்கஹால் இல்லாதது' என்றே விற்கலாம். 0.0 என்று பெரிதாகப் போட்ட புட்டிகளில் அதைவிட வெகு குறைவு, கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை என்றே சொல்லலாம்.

அந்த 0.5 எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 330 மில்லி புட்டியில் 1.65 மில்லி ஆல்கஹால், அதாவது ஒரு டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்கு. எடையில் 1.3 கிராம். அதே அளவு சாதாரண பீரில் 13 கிராம் இருக்கும். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமார் 7 கிராமைச் சமாளித்துவிடும். எனவே இதைக் குடித்து யாருக்கும் போதை ஏறாது. நன்றாகக் கனிந்த வாழைப்பழத்திலும் பேக்கரி ரொட்டியிலும்கூட துளி ஆல்கஹால் உண்டு. (ஒயின் விஷயத்தில் சர்க்கரை நோய்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஆல்கஹாலை எடுத்ததும் ருசி சப்பென்று ஆகிவிடும் என்று பலர் சர்க்கரையைச் சேர்க்கிறார்கள். பின்பக்க எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள்.)

இத்தோடு முடிந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன். குடியை விட்டவர் விஷயத்தில் இந்தக் கணக்கு உதவாது என்பது என் கட்சி.

என் அக்காள் வீட்டுக்காரர் குடியை விட்டுப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. போன வருடம் பெங்களூரில் மகள் வீட்டில் மாப்பிள்ளை 0.0 புட்டியைக் கையில் கொடுத்து, "மாமா, இதுல ஒண்ணுமே இல்ல, தைரியமா குடிங்க" என்றாராம். நல்ல பையன், பாசத்தில்தான் கொடுத்தார். அத்தானும் குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. ஊருக்குத் திரும்பியதும் ஆறு புட்டி வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தார். முதல் வாரம் சாப்பாட்டோடு ஒன்று. அடுத்த வாரம் அது சாயங்காலம் ஆறு மணிக்கு மொட்டை மாடியில் என்று ஆனது. பரணில் கிடந்த பழைய கண்ணாடி டம்ளர் கீழே வந்தது, கூடவே வறுத்த வேர்க்கடலையும். அக்காள் அப்போதே எனக்குப் போன் போட்டாள். "குடிக்கிறது தண்ணிதான்டா. ஆனா ஆள் பழைய ஆளா உக்காந்திருக்கார்" என்றாள். மூன்றாம் வாரம் புட்டி தீர்ந்துபோன ஒரு நாள் காரணமே இல்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்திருக்கிறார். அன்று ராத்திரி என்னிடம் அவரே சொன்னார்: "மாப்ளே, இது சப்புன்னு இருக்கு. நிஜமானது ஒண்ணே ஒண்ணு போதும்னு மனசு சொல்லுது." மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு பழைய மருத்துவரிடம் போனேன்.

மருத்துவருக்கு ஆச்சரியமே இல்லை. வருடக்கணக்கில் குடித்தவரின் மூளை வாசனை, கசப்பு, நுரை, டம்ளரின் குளிர்ச்சி எல்லாவற்றையும் 'இதோ போதை வருகிறது' என்ற செய்தியாகப் படித்து வைத்திருக்கிறதாம். செய்தி வந்துவிட்டது, போதை வரவில்லை என்றால் அதைத் தேடச் சொல்லும். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. 49 ஆண்களுக்கு பீரை நாக்கில் மட்டும் சிறிது சிறிதாகத் தெளித்து மூளையைப் படம் எடுத்தார்கள். மொத்தமே 15 மில்லி. அதில் உள்ள ஆல்கஹால், நான் மேலே சொன்ன 0.5 சதவீதப் புட்டியில் உள்ளதில் பாதிகூட வராது. அந்த ருசிக்கே மூளையில் டோபமைன் சுரந்தது, பீர் ஆசையும் கூடியது. விளையாட்டு வீரர்கள் குடிக்கும் இனிப்பு பானத்துக்கு அந்த அளவு இல்லை. குடும்பத்தில் குடிநோய் உள்ளவர்களுக்குச் சுரப்பு இன்னும் அதிகம். 0.0 என்று அச்சடித்தாலும் ருசி அதே ருசிதானே?

மருத்துவர் முதலில் கேட்டது வேறொரு கேள்வி: "இப்போது மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" குடியை நிறுத்த டைசல்ஃபிராம் என்ற மாத்திரை கொடுப்பது உண்டு. உடம்பில் ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடாக மாறி, பிறகு அசிட்டிக் அமிலமாகும். இந்த மாத்திரை இரண்டாவது படியை அடைத்துவிடும். நடுவில் நிற்கும் சரக்கு விஷம். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். இதைச் சாப்பிடுகிறவர்களை ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தையும் வாய் கொப்பளிக்கும் திரவத்தையும்கூடத் தொடாதே என்பார்கள். அவர்களுக்கு 0.5 சதவீதப் புட்டி விளையாட்டல்ல. மாத்திரையை நிறுத்தியும் இரண்டு வாரம் வரை இந்த வினை வரலாம். சில வீடுகளில் இதைக் குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து போடுகிறார்கள். அது எப்போதுமே ஆபத்து. அவர் 'ஒன்றும் இல்லாத' புட்டி என்று நம்பிக் குடித்தாலோ, ஏன் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று அவருக்கே தெரியாது. அத்தான் மாத்திரையை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை.

குடிநோய் இல்லாத, விருந்தில் இரண்டு பீர் குடிக்கிற ஆள் அதற்குப் பதில் இதைக் குடித்தால் நல்லதுதான். வண்டியும் ஓட்டலாம். அதை நான் மறுக்கவில்லை. குடியை விட்டவர்களிலும் இதைக் குடித்துவிட்டு ஒன்றும் ஆகாமல் இருப்பவர்கள் உண்டு. ஆனால் தான் அந்த ரகமா என்று குடித்துப் பார்த்துத்தான் தெரிய வேண்டியிருக்கிறது. பதினோரு வருடத்தை அதற்குப் பணயம் வைக்க வேண்டுமா என்றுதான் கேட்கிறேன். விட்டு ஓரிரு வருடமே ஆனவர் என்றால் கேள்வியே வேண்டாம், கூடாது.

அத்தான் மீதிப் புட்டிகளைத் தானே கழிவுத்தொட்டியில் கவிழ்த்தார். டம்ளரை அக்காள் பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டாள். மருத்துவர் சொன்னபடி இரண்டு மாதம் வாராவாரம் போய்வந்தார். ஆறு மணிக்கு இப்போது நடை, வந்ததும் இஞ்சி போட்ட மோர். தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை பன்னீர் சோடா ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, எல்லோரும் குடித்தோம்.