ஓரக்குறிப்புகள் மோதும்போது

பொது வரைவில் ஒரே வரிக்கு எதிரெதிரான மூன்று கருத்துகள் வந்து நின்றால், தொகுப்பவருக்கு இருக்கிற சுலபமான வழி, தனக்குச் சரியென்று படுவதை ஏற்றுக்கொண்டு மற்ற இரண்டையும் மூடிவிடுவதுதான். கூகுள் டாக்ஸில் அதற்கு இரண்டு மூன்று சொடுக்குகள் போதும். மூடிய உரையாடல் ஓரத்திலிருந்து மறைந்துவிடும். வரலாற்றில் தேடினால் கிடைக்கும், ஆனால் யாரும் தேடுவதில்லை. நியூஜெர்சிக்காரர் காலையில் எழுதிய கருத்து, சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பொழுது விடிவதற்குள் மூடப்பட்டிருந்தால், அப்படியொரு கருத்து இருந்ததே அங்குள்ளவருக்குத் தெரியாது. முடிவு தவறென்று நான் சொல்லவில்லை. முடிவு நடந்ததே தெரியாமல் போவதுதான் கோளாறு.

நம் துறையில் இதற்கு நல்ல பாடம் கிரந்த எழுத்துகளின் யூனிகோட் வரலாறு. யூனிகோட் கூட்டமைப்பு கலிபோர்னியாவில் இருக்கிறது. கிரந்தத்தைக் குறியேற்ற வேண்டுமென்று முன்வரைவு எழுதியவர்களில் டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனைச் சேர்ந்த நா. கணேசனும், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஸ்ரீரமண சர்மாவும் முக்கியமானவர்கள். கிரந்தம் வேண்டும் என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. சிக்கல் ஐந்து எழுத்துகளில் வந்தது: எ, ஒ, ழ, ற, ன. எகர, ஒகர உயிர்க்குறிகளையும் சேர்த்தால் ஏழு இடங்கள். பிற எழுத்துமுறைகளிலிருந்து இழப்பில்லாமல் எழுத்துப்பெயர்ப்பு செய்ய இவை கிரந்தத்திலும் வேண்டும் என்பது ஒரு பக்கம். கிரந்தம் வடமொழி எழுதப் பிறந்தது, மணிப்பிரவாளச் சுவடிகளில் தமிழ்ச் சொல் வரும்போது தமிழெழுத்தையே எழுதினார்கள், ஆகவே இவை தேவையில்லை என்பது மறுபக்கம். தமிழையே கிரந்தத்தில் எழுத இது வழிவிடும் என்று அஞ்சிய தமிழறிஞர்கள் மூன்றாவது பக்கம். 2010 இறுதியில் தமிழ்நாடு அரசும் தலையிட்டு, முடிவை நிறுத்திவைக்கக் கேட்டது.

அந்த நாட்களில் பத்திரிகைகளைப் படித்தவர்களுக்கு ஒரு குழப்பம் நினைவிருக்கும். கிரந்தத்துக்குள் தமிழெழுத்தைச் சேர்ப்பது ஒரு முன்வரைவு. தமிழில் வடமொழி ஒலிகளைக் காட்டக் கூடுதல் குறிகள் கேட்டது முற்றிலும் வேறொன்று. பொதுப் பேச்சில் இரண்டும் கலந்துபோய், ஒன்றுக்கு வந்த மறுப்பு மற்றதன் தலையில் விழுந்தது. மோதும் கருத்துகளைக் கையில் எடுக்கிறவர் முதலில் செய்ய வேண்டியது இந்தப் பிரிப்புதான். இருவர் ஒரே கேள்விக்கு வெவ்வேறு பதில் சொல்கிறார்களா, அல்லது வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்களா? என் அனுபவத்தில் பாதிச் சண்டை இரண்டாவது வகை.

கடைசியில் நடந்ததை யூனிகோட் அட்டவணையிலேயே பார்க்கலாம். 2014 ஜூனில் வந்த யூனிகோட் 7.0இல் கிரந்தம் U+11300 முதல் U+1137F வரையிலான பகுதியில் இடம்பெற்றது. அந்த ஏழு எழுத்துகளும் குறிகளும் அதில் இல்லை. இந்திய எழுத்துமுறைகளுக்குரிய பொதுவான வரிசையை அந்தப் பகுதி பின்பற்றுவதால், அவை வந்திருக்கக்கூடிய இடங்கள் வெற்றுக் கட்டங்களாக நிற்கின்றன. ரகரம் U+11330இல் இருக்கிறது, லகரம் U+11332இல் இருக்கிறது, நடுவில் U+11331 காலி. றகரத்தின் இடம் அது. ழகரத்துக்கு U+11334, னகரத்துக்கு U+11329. எண்களுக்கோ தனி இடமே கொடுக்கவில்லை, தமிழ் எண்களையே கிரந்தத்துக்கும் பயன்படுத்துவதென்று ஆனது. ஓரிடத்தில் பிரித்தார்கள், இன்னோரிடத்தில் சேர்த்தார்கள். ஆனால் அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. முன்வரைவுகளும் மறுப்புகளும் எண்ணிடப்பட்டுப் பொதுப் பதிவேட்டில் இருப்பதால்தான் இன்று ஒரு மாணவர் அந்தக் காலிக் கட்டத்தின் கதையைத் தேடி எடுக்க முடிகிறது.

யூனிகோடோடு இணைந்து நகரும் ஐ.எஸ்.ஓ. 10646 தரத்தில் இந்த வேலைக்கு ஒரு படிவமே உண்டு. ஒவ்வொரு நாட்டு அமைப்பும் தன் கருத்தை அட்டவணை வரிசையாக எழுதும்: யார் சொன்னது, எந்தப் பத்தி, பொதுக் கருத்தா, தொழில்நுட்பக் கருத்தா, மொழிநடைத் திருத்தமா, என்ன குறை, அதற்குப் பதில் என்ன எழுத வேண்டும். பிறகு திட்டத் தொகுப்பாளர் ஒவ்வொன்றுக்கும் தீர்வு எழுதுவார்: ஏற்கப்பட்டது, பகுதி ஏற்பு, ஏற்கப்படவில்லை, குறித்துக்கொள்ளப்பட்டது. எதிர்த்து வாக்களித்த நாடு தன் வாக்கை மாற்றிக்கொண்டதா என்பதும் அதில் வரும். இதில் எனக்கு மிகப் பிடித்தது ‘பதில் என்ன எழுத வேண்டும்’ என்ற கட்டம். ‘இது சரியில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போக அது இடம் தராது.

நம் வீட்டு வேலைக்கு வருவோம். வார இறுதித் தமிழ்ப்பள்ளிக்கான பாட வரைவில் ‘பொங்கல் ஜனவரி 14ஆம் தேதி வருகிறது’ என்றொரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ‘15 என்று மாற்றுங்கள், 2024இல் 15தான்’ என்கிறார். இன்னொருவர் ‘14 இருக்கட்டும், 2025இல் 14தானே’ என்கிறார். மூன்றாமவர், ‘பள்ளியில் சனிக்கிழமைதான் கொண்டாடுகிறோம், தேதியே வேண்டாம்’ என்கிறார். முதல் இருவரும் உண்மையைப் பற்றிப் பேசுகிறார்கள், இருவர் சொல்வதும் சரி. தை முதல் நாள் சில ஆண்டு 14இலும் சில ஆண்டு 15இலும் விழும். மூன்றாமவர் பேசுவது பாடத்தின் நோக்கம் பற்றி. முதல் மோதலைப் புதிய வரியே தீர்த்துவிடும்: ‘தை முதல் நாள் பொங்கல். அது ஜனவரி 14 அல்லது 15இல் வரும்.’ மூன்றாவதற்கு அந்த வரி பதிலாகாது. இங்குதான் கை தடுமாறி அதையும் மூடிவிடுகிறோம். அப்படிச் செய்யாமல் அந்தக் கருத்தின் கீழே எழுத வேண்டியது இவ்வளவுதான்: ‘ஏற்கவில்லை. குழந்தை நாட்காட்டியில் தேட வேண்டுமென்பதால் தேதி இருக்கிறது. பள்ளி விழா பற்றிய வரியைப் பயிற்சிப் பகுதியில் சேர்க்கலாமா என்று பாடக்குழுத் தலைவரைக் கேட்டிருக்கிறேன்.’ எழுதியவரின் பெயரைக் குறிப்பிட்டு, அவர் பார்க்க இரண்டு நாள் விட்ட பிறகு மூடலாம்.

எல்லோரையும் திருப்திப்படுத்த முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, தேவையும் இல்லை. இணையத் தரங்களை எழுதும் ஐ.இ.டி.எஃப். அமைப்புக்காகப் பீட் ரெஸ்னிக் 2014இல் எழுதிய ஆர்.எஃப்.சி. 7282 இதைத் தெளிவாகப் பிரிக்கிறது: எழுந்த எல்லா ஆட்சேபங்களுக்கும் முகம் கொடுத்திருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் இணங்கியிருக்க வேண்டியதில்லை. நூறு பேர் ஒரு பக்கம் இருந்தாலும், தனியொருவர் சுட்டிய ஓட்டைக்குப் பதில் இல்லையென்றால் வேலை முடியவில்லை என்பதுதான் அதன் நிலை. தலையெண்ணி முடிவெடுக்கும் பழக்கம் நம் சங்கங்களில் வேரோடிக் கிடக்கிறது. வரைவுக்கு அது உதவாது.

எல்லாக் கருத்துக்கும் இந்தச் சடங்கு வேண்டாம். ஒற்றுப்பிழைக்கும் விடுபட்ட புள்ளிக்கும் அட்டவணை போட்டால் வேலை நடக்காது, திருத்திவிட்டு நகரலாம். பொருளை மாற்றும் கருத்துக்கும், ஒன்றோடொன்று மோதும் கருத்துக்கும் மட்டும் போதும். எங்கேயோ சத்தமில்லாமல் முடிவு நடந்திருக்கிறது என்பதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. மூடிய கருத்து அடுத்த சுற்றில் அதே ஆளிடமிருந்து, சற்றுக் கோபத்தோடு, மறுபடி வரும். அல்லது கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிடுவார். இரண்டாவதுதான் ஆபத்து, அதை உடன்பாடு என்று எடுத்துக்கொள்வோம்.

இந்த இதழுக்கு அனுப்பும் கூட்டுக் கட்டுரைகளோடு இனி ஏற்காத கருத்துகளின் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணத்தையும், கடைசி முடிவெடுத்தவர் யார் என்பதையும் சேர்த்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். பட்டியல் அச்சில் வராது. ஆனால் அது இல்லாமல் வரும் வரைவு, மதிப்பீட்டுக்குப் போகாமல் உங்களிடமே திரும்பி வரும்.