இராஜினாமாவும் 46 சீட்டுக்களும்

இரு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு பிற்பகல், நாம் தேநீருங் கையுமாக முன்விறாந்தையில் அமர்ந்திருந்த வேளையில், அயல் வீட்டில் வாடகைக்கு இருந்த பெண் மடித்த கடதாசியொன்றுடன் வந்து நின்றாள். கொழும்பிலே பலசரக்குப் பொருட்களைக் கடைகளுக்கு விநியோகிக்கும் ஒரு தாபனத்தில் ஆறு ஆண்டுகளாகத் தரவு உள்ளீட்டாளராக, அதாவது டேட்டா என்ட்ரி ஒப்பரேற்றராக, வேலை பார்த்தவள். லொறிகள் மாலையில் கொண்டுவரும் விநியோகச் சீட்டுக்களை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றுவது அவள் தொழில். தாயார் மட்டக்களப்பில் நோயுற்றிருந்தமையால் வேலையை விட்டு ஊருக்குப் போகத் தீர்மானித்திருந்தாள்.

"மாமா, இராஜினாமாக் கடிதம் எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள்" என்றாள்.

தமிழிற் பிழை இருக்கவில்லை. ஆனால் கடிதம் இரண்டு பக்கம் நீண்டிருந்தது. முதற் பக்கம் முழுவதும் மேற்பார்வையாளர் ஏசிய கதை. அதனை நாம் ஒரே கோட்டால் வெட்டினோம். போகிறவள் அதை எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. அக்கடதாசியோ அவளுடைய கோப்பில் என்றென்றைக்கும் கிடக்கும். இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியே எம்மைத் தடுத்து நிறுத்தியது: "என்னிடம் எஞ்சியுள்ள வேலைகள் யாவற்றையும் முடித்து, குறையேதுமின்றி ஒப்படைத்துச் செல்வேன்."

"எஞ்சியுள்ளவை எத்தனை, பிள்ளை?" என்று கேட்டோம்.

"சரியாகத் தெரியாது மாமா. கொஞ்சந்தான்."

நாமும் ஒரு காலத்தில் கந்தோர் லிகிதராய்ப் பேரேட்டுடன் மாரடித்தவர்களாதலால், "கொஞ்சந்தான்" என்ற சொல்லை நம்புவதில்லை. எண்ணிக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்பினோம்.

மறுநாள் மாலை முகம் வாடி வந்தாள். தாயாரைப் பார்க்க அவள் விடுப்பில் நின்ற நாட்களிற் குவிந்தவை, 50 சீட்டுக்கள் கொண்ட 31 கட்டுக்கள், ஆக 1,550. நாளொன்றுக்குப் புதிதாக வருபவை சராசரி 80. அவள் பிழையின்றி ஏற்றக்கூடியவை நாளொன்றுக்கு 140. நியமனக் கடிதத்தின்படி கொடுக்கவேண்டிய முன்னறிவித்தல் ஒரு மாதம். அம்மாதத்தில் சனி, ஞாயிறும் போயா விடுமுறையும் கழிய 21 வேலை நாட்கள்.

இருவரும் கடதாசியில் கணக்கிட்டுப் பார்த்தோம். 21 நாட்களில் வரும் புதிய சீட்டுக்கள் 1,680. பழையவற்றுடன் கூட்டினால் 3,230. அவள் 21 நாளும் தலை நிமிராது தட்டினாலும் ஏறுவது 2,940, மிகுதி 290. அதுவும், தன்னிடத்துக்கு வருபவருக்கு வேலையைக் காட்டிக்கொடுக்க ஒரு நாளும் ஒதுக்காவிட்டால். நான்கு நாட்களை அதற்கென ஒதுக்கினால் ஏறுவது 2,380 மாத்திரமே. 850 சீட்டுக்கள் மேசையில் இருந்தே தீரும். அவள் எழுதிய வாக்குறுதி, எழுதிய அன்றைக்கே பொய்த்துப்போன ஒன்று.

ஆகவே "யாவற்றையும்" என்ற சொல்லை எடுத்துவிட்டு ஒரு திகதியை வைத்தோம். 10ஆந் திகதி மாலை வரை, அதாவது எட்டு வேலை நாட்களில் வருபவை 640. அவற்றையும் பழைய 1,550ஐயும் சேர்த்தால் 2,190. நாளொன்றுக்கு 140 வீதம் 16 நாட்களுக்குள் முடியும். கையில் 17 நாட்கள் இருந்தன. மின்வெட்டுக்கோ காய்ச்சலுக்கோ ஒரு நாள் வேண்டாமா?

அப்பொழுதுதான் அவள் தயக்கத்துடன் இன்னொன்றைச் சொன்னாள். லாச்சியினுள் 46 சீட்டுக்கள் தனியே கிடந்தனவாம். மழையில் நனைந்து மை கரைந்தவை, திகதி இல்லாதவை, 1 என்றும் 7 என்றும் வாசிக்கக்கூடியவை. "போகுமுன் ஒரு மதிப்பில் ஏற்றிவிட்டால் லாச்சி காலியாகிவிடும். விளங்காத இடத்தில் பூச்சியம் போடலாம்" என்றாள்.

நாம் பதறிப்போனோம். பூச்சியமும் ஓர் எண்ணல்லவா? ஒரு கடைக்குப் பூச்சியப் பெட்டி என்று ஏற்றினால், சரக்கு இறக்கப்படவில்லை என்று கணினி கொள்ளும். பண்டசாலைக் கணக்கில் ஒன்று இடிக்கும். கடைக்காரருக்குப் போகும் பற்றுச்சீட்டில் இன்னொன்று இடிக்கும். வெற்றிடமாக விட்டால், இது இன்னும் தெரியவில்லை என்பதாவது தெரியும். ஊகித்துப் போட்ட 7 அதனிலும் மோசம்; ஏறியபின் மற்ற எண்களைப் போலவே நிற்கும், எவரும் அதனை ஐயுறார். லாச்சி காலியாவதற்காக அட்டவணையைக் கெடுப்பதா? அந்த 46க்கும் ஒரு பட்டியல் எழுதச் சொன்னோம்: சீட்டின் இலக்கம், எது தெளிவில்லை, யாரிடம் கேட்டாயிற்று, என்ன பதில்.

ஏற்றியவை சரிதானா என்று காட்டுவது எப்படி என்பதும் பேசப்பட்டது. ஒவ்வொரு கட்டுக்கும் சீட்டுக்களை எண்ணி, அவற்றின் தொகைகளைக் கணிப்பானிற் கூட்டி, கட்டின் மேலட்டையிற் குறிப்பது; ஏற்றியபின் எக்செல் அட்டவணை காட்டும் கூட்டுத்தொகையுடன் ஒப்பிடுவது. அவ்வாரமே ஒரு கட்டிற் கைக்கூட்டல் 84,360 ரூபா, கணினியில் 83,460. வித்தியாசம் 900. அது 9ஆல் மீதியின்றி வகுபடுவதால், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று பழைய கணக்கப்பிள்ளைகளின் உபாயத்தைச் சொன்னோம். தேடிப் பார்த்தாள், 5,470 என்பது 4,570 என்று ஏறியிருந்தது. தொகை சரியாக இருந்து கடையின் பெயர் மாறி ஏறியிருந்தால் இவ்வுபாயம் பலிக்காது. அதற்குக் கட்டுக்கு ஐந்து சீட்டையாவது எடுத்துக் கண்ணாற் பார்க்கத்தான் வேண்டும்.

கடிதம் ஈற்றில் இவ்வாறு அமைந்தது:

"ஐயா, குடும்பக் காரணத்தால் தரவு உள்ளீட்டாளர் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன். இதனை ஒரு மாத முன்னறிவித்தலாகக் கொள்ளவும். எனது கடைசி வேலை நாள் இம்மாதம் 30ஆந் திகதி. 10ஆந் திகதி மாலை வரை கிடைக்கும் சீட்டுக்களை 23ஆந் திகதிக்குள் ஏற்றி, கட்டுத் தொகைகளை ஒப்புநோக்கித் தருவேன். பின்னர் வருபவற்றில் ஏற்ற இயலாதவை திகதி வாரியாகக் கட்டி, 'ஏற்றப்படாதவை' எனக் குறிக்கப்படும். தெளிவற்ற 46 சீட்டுக்களுக்கும் தனிப் பட்டியல் தருவேன். 24ஆந் திகதி முதல் என் வேலையை ஏற்பவருக்குக் காட்டிக்கொடுப்பேன்; அவரை அதற்குள் நியமித்து உதவுக."

கடவுச்சொல்லையும் கடிதத்தில் எழுதட்டுமா என்றாள். கூடவே கூடாது என்றோம். அவள் பெயரிலுள்ள கணக்கைக் கடைசி நாளில் மூடி, புதியவருக்கு வேறு திறக்கச் சொல்லவேண்டும். இல்லாவிடில் அவர் விடும் பிழையும் அவள் பெயரிலேயே பதிவாகும்.

வேலை மிச்சமிருந்தால் பணிக்கொடையை மறுப்பார்களோ என்பதே அவளது உள்ளூர்ப் பயம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் தாபனத்தில் 5 ஆண்டுகளைப் பூர்த்தி செய்தவர், தாமாக விலகினாலும், மாதச் சம்பளக்காரராயின் ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் பெற உரியவர். அவள் தாபனத்தில் 40 பேருக்கு மேல். ஆறு ஆண்டுக்கு மூன்று மாதச் சம்பளம். மேசையில் 850 சீட்டு இருந்ததென்று அதனை மறுக்க இடமில்லை. கடிதத்தின் பிரதியொன்றில் மேலாளரிடம் கையொப்பமும் திகதியும் வாங்கி வைக்கச் சொன்னோம், வாங்கிக்கொண்டாள்.

இவ்வாரம் மட்டக்களப்பிலிருந்து தொலைபேசியிற் பேசினாள். மாலை தோறும் லொறிச் சாரதிகளை மறித்துக் கேட்டதில் 46இல் 39 தெளிந்தனவாம். மிகுதி ஏழும் பட்டியலுடன் லாச்சியிலேயே இருக்கின்றன. புதிதாக வந்த பையன் அவற்றை "அக்காவின் ஏழு" என்கிறானாம். ஆறாவதைப் பற்றி ஒரு கடைக்காரர் நேற்றுப் பதில் சொல்லியிருக்கிறார்.