கழிவுப் பக்கம்

2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்துப்போன மணமேல்குடிப் பக்கம் ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு சர்வேயரின் அறிக்கை கைக்கு வந்தால் கடைக்காரர் கடைசி வரியிலுள்ள தொகையைத்தான் முதலில் தேடுவார். நானோ கழிவுகள் இருக்கும் பக்கத்தைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். சேதத்துக்குக் காரணம் புயல், அதில் தகராறு இல்லை. சரக்குச் சேதம் 3,20,000 ரூபாய், மிஞ்சியதை விற்றால் 20,000 தேறும், ஆக இழப்பு 3 லட்சம். ஆனால் பாலிசி 6 லட்சத்துக்கு. கடையிலிருந்த சரக்கோ 10 லட்சம் என்கிறது அறிக்கை. காப்பீடு அறுபது சதவீதம்தான் என்பதால் இழப்பீடும் 1,80,000 ஆகச் சுருங்குகிறது. கடைக்காரர் தாமே ஏற்க வேண்டியது அதில் ஐந்து சதவீதம், குறைந்தபட்சம் 10,000; அது போக 1,70,000. அந்தப் 10 லட்சம் எங்கிருந்து வந்தது? கடன் வரம்புக்காக வங்கியில் கூட்டிக் கொடுத்த சரக்குப் பட்டியலிலிருந்து வந்திருக்கலாம். கொள்முதல், விற்பனைக் கணக்குப்படி சரக்கு ஏழரை லட்சம்தான் என்று நிறுவினால் இழப்பீடு 2,40,000 ஆகும். அதே ஐந்து சதவீதம் கழித்தாலும் 2,28,000 கைக்கு வரும். வங்கிக்குத் தந்த கணக்கு ஏன் வேறு என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குமுன் ‘முழுத் திருப்தி’ ரசீதில் கையெழுத்துப் போடக் கூடாது. அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்கி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குக் கணக்கோடு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஒப்பவில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை.