வீடியோவை யாரும் அழிக்கவில்லை, முதலில் உங்கள் போனைப் பாருங்கள்



போன வாரம் எங்கள் வகுப்புப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பலர் பார்த்திருப்பீர்கள். மீரியபெத்த மண்சரிவு பற்றிய பழைய செய்தி வீடியோ ஒன்றின் யூடியூப் லிங்க்கைத் தரம் 8 பிள்ளைகளுக்காக நாங்கள் போட்டிருந்தோம். பத்து நிமிடத்தில் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. சிலருக்கு வீடியோ ஓடியது, சிலருக்கு "Video unavailable" என்று வந்தது. அதற்குள் ஒருவர் "தோட்டத்து மக்களுக்கு நடந்ததை மறைக்க வீடியோவை அழித்துவிட்டார்கள்" என்று எழுத, இன்னொருவர் அதை வேறு மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டார்.

வீடியோவை யாரும் அழிக்கவில்லை. அழித்திருந்தால் எல்லோருக்கும்தான் ஓடாமல் இருக்கும். ஒருவருக்கு ஓடி, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓடவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் பார்ப்பவரின் பக்கத்தில்தான் இருக்கும். எங்கள் குழுவில் இருந்த காரணத்தின் பெயர் Restricted Mode.

யூடியூப் இதை 2010இல் வேறு பெயரில் கொண்டுவந்தது. பிள்ளைகள் பார்க்கக்கூடாதவற்றை வடிகட்டுவதற்கான ஒரு சுவிட்ச் இது. வீடியோவின் தலைப்பு, விளக்கம், அதற்கு வயதுக் கட்டுப்பாடு இருக்கிறதா என்பவற்றையெல்லாம் வைத்துப் பெரும்பாலும் இயந்திரமே முடிவெடுக்கிறது. ஆபாசம், போதைப்பொருள், கெட்ட வார்த்தை போன்றவை மறைவதில் எங்களுக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. ஆனால் யூடியூப் தன் பட்டியலில் வன்முறையோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்கிறது: இயற்கை அனர்த்தங்களையும் துயரச் சம்பவங்களையும் பயங்கரமாக விவரிக்கும் வீடியோக்கள், செய்தியாக வந்தாலும் கூட. 2014 ஒக்டோபர் 29 காலையில் எங்கள் பிரதேச செயலகப் பிரிவுக்குள்ளேயே லயன் வீடுகளை மண் மூடிய சம்பவம் இதற்குள் விழுவதில் ஆச்சரியமில்லை. தலைப்பில் மரணம், சடலம் என்ற சொற்கள் இருந்தால் இயந்திரத்துக்கு வேறென்ன தெரியும்? எல்லா மொழியிலும் இந்த வடிகட்டல் ஒரே தரத்தில் வேலை செய்யாது என்று யூடியூபே சொல்கிறது.

இது தவறவும் செய்யும். 2017 மார்ச்சில், ஒருபாலின உறவாளர்கள் போட்ட, ஆபாசமில்லாத வீடியோக்கள்கூட மறைக்கப்பட்டதாகப் பெரிய சர்ச்சை வந்தது. வடிகட்டி பிழை விட்டதை யூடியூப் ஒப்புக்கொண்டது. திருத்தியபின், அதற்கடுத்த மாதம், ஒரு கோடியே 20 இலட்சம் வீடியோக்கள் மீண்டும் தெரிகின்றன என்று அறிவித்தது. அவ்வளவும் அதுவரை சிலர் கண்ணுக்கு இல்லாமலே இருந்திருக்கின்றன. அந்த நேரத்தில் யூடியூப் சொன்ன கணக்குப்படி, நாளாந்தப் பார்வைகளில் சுமார் 1.5 வீதம்தான் இந்த மோட் போட்டவர்களுடையது. அதனால் வீடியோ போட்டவருக்கும் தன் வீடியோ சிலருக்குத் தெரியவில்லை என்பது இலேசில் தெரியவராது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் குழுவில் செய்ததையே சொல்கிறோம்.

முதலில், ஓடாதவர்களிடம் வேறு ஏதாவது ஒரு வீடியோவை, கிரிக்கெட் வீடியோவாக இருந்தாலும் பரவாயில்லை, திறந்து கொமென்ட் பகுதியைப் பார்க்கச் சொன்னோம். "Restricted Mode has hidden comments for this video" என்று இருந்தால் மோட் போடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த மோட் இருக்கும்போது எல்லா வீடியோக்களின் கொமென்ட்டும் மறைந்துவிடும். இதைவிட இலேசான அடையாளம் இல்லை. வெறுமனே "Comments are turned off" என்று இருந்தால் அது வீடியோ போட்டவர் மூடியது, அல்லது சிறுவர்களுக்கான வீடியோ. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூன்று பேருக்கு அந்த வசனம் வந்தது. அடுத்தது யார் போட்டது என்ற கேள்வி. யூடியூப் அப்பில் உங்கள் படத்தைத் தட்டி, Settings, பிறகு General போனால் Restricted Mode என்ற சுவிட்ச் இருக்கும். கம்ப்யூட்டரில் படத்தைத் தட்டினால் வரும் பட்டியலின் அடியில் இருக்கும். ஒரு தாத்தாவின் போனில் அது ஓன் ஆகியிருந்தது. மகன் சின்னவனாக இருந்தபோது அவரே போட்டு மறந்திருக்கிறார். ஓஃப் செய்ததும் வீடியோ ஓடியது. இந்த சுவிட்ச் அந்த போனுக்கோ அந்த பிரவுசருக்கோ மட்டும்தான். போனில் ஓஃப் செய்தால் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் ஓஃப் ஆகாது.

இரண்டாமவருக்கு சுவிட்ச் ஓஃப் ஆகவில்லை, network administrator போட்டது என்று காட்டியது. "எங்கட வீட்டில யாரு அட்மினிஸ்ட்ரேட்டர்?" என்று அவர் சிரித்தார். அவர்தான்! பிள்ளைகளுக்காக ரவுட்டரில் குடும்ப வடிகட்டி ஒன்றை மருமகனை வைத்துப் போட்டிருக்கிறார். அப்படிப்பட்ட சில வடிகட்டிகள், போன் www.youtube.com எங்கே என்று கேட்கும்போது restrict.youtube.com என்ற முகவரிக்குத் திருப்பிவிடும். அந்த வழியாகப் போகிறவருக்கு யூடியூப் மோட்டைத் தானே போட்டுவிடும். வைஃபையை நிறுத்தி மொபைல் டேட்டாவில் திறந்தார், ஓடியது. அதோடு காரணம் ரவுட்டர்தான் என்பது உறுதி.

மூன்றாமவர்தான் எங்களைக் கொஞ்சம் சுற்றவைத்தார். சுவிட்ச் பூட்டியிருந்தது, ஆனால் மொபைல் டேட்டாவிலும் ஓடவில்லை. டேட்டாவிலும் ஓடவில்லை என்றால் வைஃபையில் பிழையில்லை என்றுதான் நாங்களும் நினைத்தோம். பிறகுதான் அவருடைய அன்ட்ரொய்ட் போனின் செட்டிங்ஸில் Private DNS என்ற இடத்தைப் பார்த்தோம். அங்கே அதே மாதிரியான வடிகட்டியின் பெயர் இருந்தது. அது போனோடு போகும், வைஃபை மாறினாலும் டேட்டாவுக்கு வந்தாலும் விடாது. ஆகவே டேட்டா சோதனையை மட்டும் நம்பாதீர்கள்.

குழப்பமாக இருந்தால், ஓடாத அதே போனில், அதே இணைப்பில் பிரவுசரில் இந்த முகவரியைத் திறங்கள்:

```
https://www.youtube.com/check_content_restrictions
```

கட்டுப்பாடு வலையமைப்பிலிருந்து வருகிறதா, கூகுள் கணக்கிலிருந்து வருகிறதா என்று யூடியூபே தனித்தனியாகக் காட்டும். பிரவுசரில் எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பில் ஒரு கணக்கும் பிரவுசரில் இன்னொன்றும் இருந்தால் பதில் பிழையாக வரும். பிள்ளையின் கணக்கை ஃபெமிலி லிங்க் மூலம் பார்த்துக்கொள்பவர்கள் பெற்றோரின் போனில்தான் மாற்ற வேண்டும்.

எங்கும் மோட் இல்லை, கொமென்ட்களும் தெரிகின்றன, ஆனாலும் அந்த ஒரு வீடியோ மட்டும் ஓடவில்லை என்றால் காரணம் வேறு. நீங்கள் கணக்குக்குள் போகாமல் இருக்கலாம், வீடியோவுக்கு வயதுக் கட்டுப்பாடு இருக்கலாம், இந்த நாட்டில் பார்க்க அனுமதி இல்லாமல் இருக்கலாம். திரையில் வரும் வசனத்தை முழுதாக வாசித்தால் அநேகமாக அதிலேயே இருக்கும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு மோட்டை எல்லோரும் கழற்றிவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ரவுட்டரில் வடிகட்டி போட்ட அந்த நாநா அதை எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லவும் எங்களுக்கு மனமில்லை. ஆனால் மண் எப்படிச் சரிந்தது, சரிவுக்கு முன் நிலத்தில் என்ன வெடிப்புகள் தெரியும் என்பது இந்த மலையில் வளரும் பிள்ளை தெரிந்திருக்க வேண்டிய விஷயம். அதைக் காட்டுவதா இல்லையா என்பதை எங்கேயோ இருக்கும் இயந்திரம் தீர்மானித்துவிட்டுப் போக நாங்கள் விடக்கூடாது. நாநா என்ன செய்தார் தெரியுமா? வீடியோவைத் தன் போனில் டேட்டா போட்டுத் திறந்து, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். இடையில் இரண்டு இடத்தில் நிறுத்தி விளக்கமும் சொன்னாராம்.

"அழித்துவிட்டார்கள்" என்ற செய்தியை மூன்று குழுக்களுக்கு அனுப்பியவரிடம் ஒரு வேண்டுகோள்: அதே மூன்று குழுக்களுக்கும் இந்தப் பதிவையும் அனுப்பிவிடுங்கள்.