ஆபீஸில் 7 பேர்தான், தொல்லை கொடுப்பவர் முதலாளி... புகாரை எங்கே கொடுப்பது?

மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் ஏழு பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்த கணக்காளர் பெண்ணுக்கு முதலாளியே பாலியல் தொல்லை கொடுக்கிறார். பெரிய கம்பெனி என்றால் உள் புகார் குழு இருக்கும். இங்கே யாரிடம் போவது?

எங்கே கொடுப்பது?

2013-ம் ஆண்டு சட்டப்படி, 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர் புகார் குழு உண்டு. புகார் முதலாளி மீதே என்றால், அலுவலகம் எவ்வளவு பெரிதானாலும் இந்தக் குழுதான். இதற்காக மதுரை வரை அலைய வேண்டும் என்றில்லை. ஒன்றிய அளவில் ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும். அவர் புகாரை வாங்கி 7 நாளில் குழுவுக்கு அனுப்ப வேண்டும். பல இடங்களில் இந்த நியமனமே நடக்காததால், 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்தது. உங்கள் ஒன்றியத்தில் அது யார் என்று தெரியவில்லையா? மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்க.

எப்போது, எப்படி?

கடைசிச் சம்பவத்திலிருந்து 3 மாதம். அது மார்ச் 10 என்றால், ஜூன் 10-க்குள் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். தேதி, இடம், நடந்தது, சாட்சிகளின் பெயர், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து 6 பிரதிகள் வேண்டும். அது உங்களை எப்படிப் பாதித்தது என்பதையும் எழுதுங்க. "தப்பான எண்ணத்தில் செய்யலை" என்று எதிர்த்தரப்பு சொல்லலாம். ஆனால் நோக்கத்தைவிட, அந்தச் செயலைப் பெண் எப்படி உணர்ந்தார் என்பதே முக்கியம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில், ஒரு ஐ.டி. நிறுவன வழக்கில் சொல்லியிருக்கிறது.

அதுக்கப்புறம் என்ன பாதுகாப்பு?

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அதே முதலாளி முன்னால் உட்கார வேண்டுமா? வேண்டாம். வழக்கமான விடுப்பு போக, 3 மாதம் வரை கூடுதல் விடுப்பைக் குழு பரிந்துரைக்கலாம். ஆனால் தானாக வராது. நீங்க எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும். புகாரோடு சேர்த்தே கேட்டுவிடுவது நல்லது. "வேலை போயிடும்" என்று அந்தத் தொல்லையையொட்டி மிரட்டினால், அந்த மிரட்டலையும் சட்டம் பாலியல் தொல்லைக்குள் சேர்க்கிறது. அதையும் தேதியோடு குழுவுக்குத் தெரியப்படுத்துங்க.

பலரைத் தடுக்கும் பயம் ஒன்று: "நிரூபிக்க முடியலைன்னா என் மேலேயே நடவடிக்கை வருமா?" வராது. வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுத்ததாக விசாரணையில் உறுதியானால்தான் நடவடிக்கை. ஆதாரம் போதவில்லை என்பது மட்டும் அதற்குக் காரணமாகாது.