காசநோய் மாறிவிட்டது; மூச்சு ஏன் திரும்பவில்லை?

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 24 ஆம் திகதி, உலக காசநோய் தினத்தில், புள்ளிவிபரங்கள் வெளிவருகின்றன. சிகிச்சை பெற்றவர்களில் 80 வீதத்துக்கும் அதிகமானோர் அதை வெற்றிகரமாக முடித்திருக்கிறார்கள் என்பது இலங்கையின் கணக்கு. அது பொய்யல்ல. ஆனால் அது கிருமியைப் பற்றிய கணக்கு. நுரையீரல் என்ன நிலையில் மிஞ்சியது என்பதை அது சொல்வதில்லை.

வன்னிக் கரையோரத்தைச் சேர்ந்த கடற்றொழிலாளர் ஒருவரை எனக்குத் தெரியும். வயது 46. இருமலோடு பல மாதங்கள் கடலுக்குப் போய்வந்த பிறகே அவருக்குக் காசநோய் என்று தெரியவந்தது. ஆறு மாதங்கள் ஒரு நாள் தவறாமல் குளிசை எடுத்தார். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. அட்டையில் 'குணமடைந்தார்' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடத்தின் பின், காலையில் அரைக் கோப்பை சளி துப்புகிறார். வலை இழுக்க முடியவில்லை. சில நாட்களில் சளியில் இரத்தக் கோடு தெரிகிறது. தனியார் மருத்துவர் ஒருவர் ஆஸ்துமா என்று பம்ப் கொடுத்தார். அயலவர்களோ அவருக்கு நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டி, தேநீர்க் கோப்பையைக்கூடப் புறம்பாக்கினார்கள்.

இரண்டு முடிவுகளும் தவறு. காசநோய் நுரையீரல் திசுவை அரித்துவிடுகிறது. மருந்து கிருமியைக் கொல்லும். அரிபட்ட இடத்தை மீளக் கட்டாது. அந்த இடம் தழும்பாக மாறிச் சுருங்குகிறது. சுருங்கும் தழும்பு அருகிலுள்ள மூச்சுக்குழாய்களை இழுத்து நிரந்தரமாக அகலமாக்குகிறது. சளியை மேலே தள்ளும் நுண்மயிர்களும் அங்கே அழிந்துபோகின்றன. தேங்கும் சளியில் வேறு கிருமிகள் பெருகி, குழாயை மேலும் பழுதாக்குகின்றன. 'பிராங்கியெக்ராசிஸ்' என்று வைத்தியர்கள் சொல்வது இதைத்தான். இந்தச் சளியால் மற்றவருக்குக் காசநோய் தொற்றாது.

ஆனால் நோய் உண்மையாகவே திரும்புவதும் உண்டு. இருமல், சளி, இரத்தம், மெலிவு என்று இரண்டுக்கும் அறிகுறிகள் ஒன்றே. ஆகவே ஊகிக்காமல் சளியைப் பரிசோதிக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சில மணி நேரத்தில் முடிவு தரும் ஜீன்எக்ஸ்பேர்ட் பரிசோதனை, இறந்த கிருமியின் மரபணுவையும் பிடித்துக்கொள்ளும். அண்மையில் சிகிச்சை முடித்தவருக்கு அது 'உண்டு' என்று காட்டினால், உயிருள்ள கிருமியா என்பதை வளர்ப்புப் பரிசோதனைதான் உறுதிசெய்யும். அதற்குச் சில வாரங்கள் செல்லும். அந்தப் பொறுமை இல்லாவிட்டால், தேவையற்ற இன்னும் ஆறு மாத மருந்தும் ஈரல் பாதிப்பும்தான் மிச்சம்.

இவருக்கு வளர்ப்பில் கிருமி வரவில்லை. எக்ஸ்றேயில் வலது மேல் நுரையீரலில் தழும்பு தெரிந்தது. அது பழையதா, புதியதா? ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை முடிந்த நாளில் எடுத்த படம் இருக்கவில்லை. சி.ரி. ஸ்கான்தான் அகன்ற குழாய்களைக் காட்டியது. ஊதிப் பார்க்கும் ஸ்பைறோமெற்றிப் பரிசோதனையில் அவரது மூச்சின் பலம், அவர் வயதுக்கு இருக்கவேண்டியதில் ஏறக்குறைய பாதி. ஆறு நிமிடம் நடக்கவைத்தபோது இரத்தத்தின் ஒட்சிசன் அளவு 96 இலிருந்து 88 க்கு இறங்கியது. இருந்த இடத்தில் அளந்திருந்தால் 'எல்லாம் சரி' என்றே எழுதியிருப்பார்கள்.

இழந்த நுரையீரல் திரும்பாது. மிச்சத்தைக் காக்கலாம். அவருக்கு இயன்மருத்துவர் ஒருவர், ஆழமாக மூச்செடுத்து, சற்றுப் பிடித்து, வாயைத் திறந்து 'ஹா' என்று பலமாக ஊதிச் சளியை வெளியேற்றக் கற்றுக்கொடுத்தார். காலையும் மாலையும் 15 நிமிடம். சளி நிறம் மாறி அளவு கூடினால், சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, பெரும்பாலும் இரண்டு வாரம் நுண்ணுயிர்க்கொல்லி. புகைத்தல் முற்றாக நிறுத்தம். பம்ப் எல்லோருக்கும் உதவாது; மருந்தை இழுத்த பின் மீண்டும் ஊதவைத்தால் பயன் உண்டா என்று தெரியும். கோடாக இல்லாமல் இரத்தமாகவே வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பழைய குழிக்குள் பூஞ்சணம் உருண்டையாக வளர்ந்து இரத்தக்குழாயை உடைப்பதுண்டு. அது உயிராபத்து.

போர்க் காலத்தில் இடம்பெயர்ந்து, முகாம்களில் நெருக்கியடித்து வாழ்ந்து, மருந்தை இடையில் விட்டு மீண்டும் தொடங்கியவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். தாமதமும் இடைநிறுத்தமும் தழும்பைப் பெரிதாக்கும். அவர்களில் சிலர் இன்று மாடிப்படி ஏற முடியாததை வயதின் மேல் போட்டுவிட்டு இருக்கிறார்கள்.

2021 இல் சர்வதேச நிபுணர்கள் வெளியிட்ட வழிகாட்டல், சிகிச்சை முடியும்போதே ஒவ்வொருவரின் நுரையீரலையும் மதிப்பிட வேண்டும் என்கிறது. அதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. கடைசி நாளில் ஒரு எக்ஸ்றே, ஒரு ஸ்பைறோமெற்றி, ஆறு நிமிட நடை; பழுது தெரிந்தவருக்கு அடுத்த கிளினிக் திகதி. சிகிச்சையை முடிக்கப்போகும் எவரும் அந்தப் படத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருக்கட்டும். இருமல் திரும்பும் நாளில், அது பழைய தழும்பா புதிய நோயா என்று வைத்தியர் தேடப்போவது அந்தப் படத்தைத்தான்.