புடைப்பு வற்றிய பிறகு

2009 மார்ச் 16 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில், பனிச்சறுக்குப் பழகிக்கொண்டிருந்த நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கீழே விழுந்தார். எழுந்து சாதாரணமாகப் பேசினார். வந்த ஆம்புலன்ஸையும் வேண்டாமென்று அனுப்பிவிட்டார். பிறகுதான் தலைவலி தொடங்கியது. இரண்டே நாளில் நியூயார்க்கில் இறந்துபோனார்.

அதே நாட்களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் நெற்றிப்பொட்டுக்குச் சற்று மேலே, அப்பா அடித்த பேஸ்பால் பந்து பட்டது. ஐஸ் வைத்தார்கள், புடைப்பு வற்றியது. பிள்ளையும் வழக்கம்போல் இருந்தாள். இரண்டு நாள் கழித்து, படுக்கப் போகும் நேரத்தில் தலை வலிக்கிறது என்றாள். நடாஷாவின் செய்தியைப் பார்த்திருந்த பெற்றோர் அந்த இரவே மருத்துவமனைக்கு ஓடினார்கள். ஸ்கேனில் ரத்தக்கட்டு தெரிந்தது. ஹெலிகாப்டரில் கிளீவ்லாந்துக்குக் கொண்டுபோய் அறுவை செய்தார்கள். சிறுமி பிழைத்தாள்.

இருவருக்கும் நேர்ந்தது ஒன்றுதான். நெற்றிப்பொட்டுப் பக்கம் மண்டை ஓடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டியே ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அது கிழிந்தால் எலும்புக்கும் மூளையைப் போர்த்திய சவ்வுக்கும் நடுவே ரத்தம் சேர்கிறது. கொஞ்சமாக இருக்கும்வரை மூளை தாங்கிக்கொள்ளும். பிள்ளை ஓடி விளையாடும். இடம் தீர்ந்தபின் மூளை நசுங்கத் தொடங்கும். வெளியே தெரியும் புடைப்பு பெரிதா சிறிதா என்பது உள்ளே நடப்பதைச் சொல்லாது.

தலையில் அடிபடும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இப்படி எதுவும் ஆவதில்லை. ஆனாலும் முதல் இரண்டு நாள் கண் அவர்கள்மேல் இருக்க வேண்டும். தலைவலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சுக் குழறுவது, நடை தள்ளாடுவது, ஒரு பக்கக் கைகால் சோர்வது, ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாகத் தெரிவது, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது, வலிப்பு: இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனை. கைக்குழந்தை தலைவலியைச் சொல்லாது. பால் குடிக்க மறுக்கும், எப்படித் தூக்கிவைத்தாலும் அழுகையை நிறுத்தாது. வாந்தியைப் பித்தம் என்றோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றோ தள்ளிவிடுவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு.

அடிபட்ட பிள்ளையைத் தூங்கவே விடக்கூடாது என்பார்கள். அது அவசியமில்லை. அழுது களைத்த பிள்ளை தூங்கட்டும். இடையில் ஓரிரு முறை தொட்டு எழுப்பினால் சிணுங்கியாவது கண் திறந்து, அம்மாவை அடையாளம் கண்டு, மறுபடி தூங்கும். எழுப்பியும் எழாவிட்டாலோ எழுந்தும் சுயநினைவில்லாமல் விழித்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின் வேண்டாம், அது ரத்தம் உறைவதைத் தடுக்கும்.

பள்ளியில் விழுந்த பிள்ளை வீட்டில் சொல்வதில்லை. ஆசிரியர்களே, எத்தனை மணிக்கு எங்கே அடிபட்டது என்று ஒரு துண்டுத்தாளிலாவது எழுதி அனுப்புங்கள். அன்றிரவு வரும் வாந்திக்கு அர்த்தம் என்னவென்று அந்தத் தாள்தான் பெற்றோருக்குச் சொல்லும்.